கண்ணீர் வந்தது, சரி. எந்தப் பக்கத்தில்?
அழவைத்த நாவலுக்கு மதிப்புரை எழுதப் பழகுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இருபது வருடங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகைக்கு என் முதல் மதிப்புரையை அனுப்பினேன். ‘கல்நெஞ்சையும் கரைய வைக்கும் நாவல்’ என்று முடித்திருந்தேன். கட்டுரை திரும்பி வந்தது. கடைசி வரிக்குக் கீழே பென்சிலில் ஒரு கோடு, ஓரத்தில் ‘எந்தப் பக்கத்தில்?’ என்ற கேள்வி. வேறு எதுவும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அழுதவனிடம் பக்க எண் கேட்பதா? ஆனால் புத்தகத்தை எடுத்துத் தேடியபோது, நான் அழுதது கதாநாயகி இறக்கும் அத்தியாயத்தில் இல்லை என்று தெரிந்தது. அதற்கு நாற்பது பக்கம் முன்னால், அவள் ஒரு சேலையை இரவல் வாங்கும் இடத்தில் அழுதிருக்கிறேன். மரணக் காட்சியை வேகமாகப் புரட்டித் தாண்டியிருக்கிறேன். மதிப்புரையில் பாராட்டியிருந்தது மரணக் காட்சியை!

அந்தப் பென்சில் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. உதாரணத்துக்கு சார்லஸ் டிக்கன்ஸின் இரண்டு நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். 1840-41இல் வார இதழில் தொடராக வந்த ‘தி ஓல்ட் க்யூரியாசிட்டி ஷாப்’ நாவலில் நெல் என்ற சிறுமி சாகிறாள். 1852-53இல் வெளிவந்த ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலில் ஜோ என்ற தெருச் சிறுவன் சாகிறான். ஆசிரியர் ஒருவரே, விஷயமும் ஒன்றே, இடைவெளி பன்னிரண்டு வருடம். இரண்டும் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதல் நாவலில் 71ஆம் அத்தியாயம், இரண்டாவதில் 47ஆம் அத்தியாயம். பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

## முதலில் அழுதுவிடுங்கள், பென்சில் கையில் இருக்கட்டும்

முதல் வாசிப்பில் விமர்சகராக உட்காராதீர்கள். அழுகை வந்தால் வரட்டும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: தொண்டை அடைத்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. காட்சிக்கோ அத்தியாயத்துக்கோ அல்ல, அந்த வரிக்கு. ‘பாட்டி சாகிற இடம்’ என்ற குறிப்பு நாளைக்கு எதற்கும் உதவாது.

இரண்டு மூன்று நாள் கழித்துப் புள்ளி வைத்த இடங்களை மட்டும் திரும்பப் படியுங்கள். சில புள்ளிகள் அப்போதும் வேலை செய்யும், சில செத்துப்போயிருக்கும். செத்தவற்றில் பாதிக்கு நாவல் பொறுப்பல்ல, நாம்தான் பொறுப்பு. என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் படித்த ஒரு சுமாரான தொடர்கதையில் ஏழு புள்ளிகள் வைத்திருந்தேன். அவர் வீடு திரும்பிய பிறகு ஒன்றுகூடத் தேறவில்லை. ‘குளுக்கோஸ் பாட்டில்’ என்ற சொல்லைப் பார்த்தே அழுதிருக்கிறேன் போல.

## மூன்று சாமான்களைத் தனித்தனியே வையுங்கள்

நெகிழ்ச்சி, மெலோடிராமா, மிகையுணர்ச்சி என்ற மூன்றையும் ஒரே பையில் போட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

மெலோடிராமா நிகழ்ச்சிகளில் இருக்கிறது. நல்லவர் முழு நல்லவர், கெட்டவர் முழுக் கெட்டவர், சரியான நேரத்தில் கதவு திறக்கிறது, மழை பெய்கிறது. நெல்லைத் துரத்தும் க்வில்ப் அவித்த முட்டையை ஓட்டோடு தின்கிறவன். கடைசியில் இருட்டில் தேம்ஸ் ஆற்றில் விழுந்து சாகிறான். இது மெலோடிராமா, அதிலும் ருசியான மெலோடிராமா. இதைக் குறை என்று உடனே எழுதிவிடாதீர்கள். கூத்தில் இரணியன் வரும்போது யாரும் ‘யதார்த்தமாக இல்லை’ என்று எழுந்து போவதில்லை.

மிகையுணர்ச்சி வாக்கியங்களில் இருக்கிறது. நடந்தது கொஞ்சம், கேட்கப்படும் கண்ணீர் அதிகம். கதைசொல்லி நமக்கு முன்பாகவே அழத் தொடங்கிவிடுகிறார், நாமும் சேர்ந்து அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். நெகிழ்ச்சியில் இந்தக் கணக்கு சரியாக இருக்கும். சில சமயம் கேட்டதைவிட அதிகமாகவே நாம் கொடுப்போம்.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘சென்டிமென்ட்’ என்ற சொல்லை சினிமா எப்போதோ தத்தெடுத்துக்கொண்டது. அம்மா சென்டிமென்ட், தங்கச்சி சென்டிமென்ட் என்றால் அது சரக்கின் பெயர், சில வாய்களில் பாராட்டும்கூட. எனவே மதிப்புரையில் ‘சென்டிமென்டாக இருக்கிறது’ என்று எழுதினால் வாசகர் பாதிப் பேர் புத்தகம் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். மிகையுணர்ச்சி என்றே எழுதுங்கள்.

## அழுகை எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்

இதற்குத் தமிழை விட்டு வெளியே போக வேண்டாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையையும் வைத்து, அது பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மைக் கீழாக நடத்துவது இளிவு. உயிரையோ உரியவரையோ உரியதையோ பறிகொடுப்பது இழவு. முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வருந்துவது அசைவு. வறுமைக்கு விளக்கம் தேவையில்லை.

புள்ளி வைத்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இந்த நான்கில் எது என்று எழுதிப் பாருங்கள். என் அனுபவத்தில், மிகையுணர்ச்சி மிகுந்த நாவல்களில் திரும்பத் திரும்ப ‘இழவு’ மட்டுமே விழும். ஒருவர் சாவார், அப்புறம் இன்னொருவர். மரணம் எழுத்தாளனுக்கு மலிவாகக் கிடைக்கும் சரக்கு. பாத்திரத்தின் மீது அக்கறை ஏற்படுத்தும் வேலையைச் செய்யாமலே கண்ணீரை வாங்கித் தந்துவிடும். இளிவும் அசைவும் அப்படி இல்லை. ஒருவன் கீழாக நடத்தப்படுவது நமக்கு உறைக்க வேண்டுமென்றால், அவன் தன்னை என்னவாக நினைத்திருந்தான் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பக்கங்கள் செலவாகும்.

நான் அழுத அந்த இரவல் சேலை இளிவு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

## ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கும்: நெல் கிடக்கும் அறை

இப்போது 71ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். நெல்லுக்குப் பதினான்கு வயதுகூட நிறைந்திருக்காது. தாத்தா சீட்டாட்டத்தில் எல்லாம் தொலைத்தவர். அவரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து, ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்து, களைத்து, இறந்துவிட்டாள். அவளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் பனி பெய்யும் இரவில் வந்து சேரும்போது காலம் கடந்துவிட்டது.

படுக்கையைக் காட்டும் இடத்தில் கதைசொல்லி என்ன செய்கிறார் என்று வரி வரியாகப் பாருங்கள். அவள் இறந்துவிட்டாள் என்று சொல்கிறார். மறுபடியும் அதையே சொல்கிறார், மறுபடியும். அழகு, அமைதி, தூய்மை என்று அடைமொழிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. கூண்டில் அவள் வளர்த்த சின்னப் பறவை துள்ளுகிறது. இறந்தவளிடம் நோயின் அடையாளமோ வலியின் அடையாளமோ இல்லை. அவளுடைய துன்பமெல்லாம் முகத்திலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது. மரணத்தில் மரணத்தை எடுத்துவிட்டுத் தரும் இந்த வேலை மிகையுணர்ச்சியின் தெளிவான அடையாளம். நமக்கு அழுகையின் இதம் கிடைக்கிறது, பயம் கிடைப்பதில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஆர். எச். ஹோர்ன் என்ற விமர்சகர் 1844இலேயே இதைப் பிடித்துவிட்டார். நெல்லின் இறுதிச் சடங்கு வரும் உரைநடையை வரி உடைத்து அடுக்கினால் அது யாப்பில் அமைந்த செய்யுளாகவே ஓடுகிறது என்று காட்டினார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, வியப்போடு சொன்னார். நாம் அதைக் கருவியாக எடுத்துக்கொள்ளலாம். தமிழில் இதற்கு இணையானது அடுக்குமொழி. அதுவரை சாதாரணமாக நடந்த உரைநடை மரணம் வந்ததும் எதுகை மோனையோடு வீறுநடை போட ஆரம்பித்தால், எழுத்தாளர் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பாடத் தொடங்கிவிட்டார் என்று பொருள். சந்தேகம் வந்தால் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்பியது காதில் மாட்டும்.

இத்தோடு முடித்து ‘நெல்லின் மரணம் வெறும் மிகை’ என்று எழுதினால் அது பாதி வாசிப்பு. அதே அத்தியாயத்தில் தாத்தா இருக்கிறார். அவள் தூங்குகிறாள் என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளுடைய தேய்ந்துபோன சின்னச் செருப்புகளை எடுத்துக் காட்டுகிறார். கல் குத்திக் கால் புண்ணாகியிருந்தது என்பது பிறகுதான் தனக்குத் தெரிந்தது என்கிறார். தான் நொண்டி நடப்பது அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அவள் அவருக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறாள், அதுவும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

இதைப் படிக்கும்போது 30ஆம் அத்தியாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு விடுதியில் இரவு நெல்லின் அறைக்குள் ஒரு உருவம் ஊர்ந்து வந்து காசைத் திருடிக்கொண்டு போகும். பின்தொடர்ந்து போனால் அது தாத்தாவேதான், சீட்டாடுவதற்காக. அந்த ஆள்தான் இப்போது இந்தச் செருப்பைக் கையில் வைத்திருக்கிறார். தன் குற்றத்தை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை, கதைசொல்லியும் இந்த இடத்தில் சொல்வதில்லை. சேர்த்துப் பார்க்கும் வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது. பறவைக் கூண்டை எடுத்துவிட்டால் அத்தியாயத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. செருப்பை எடுத்தால் பழைய பக்கங்களோடு உள்ள நரம்பு அறுந்துவிடும்.

இதுதான் சோதனை. கண்ணீர் வரவழைக்கும் பொருளை மனதுக்குள் காட்சியிலிருந்து எடுத்துப் பாருங்கள். அது வேறு எந்த மரணக் காட்சியிலும் வைக்கக்கூடியதா? வாடிய பூ, அணையும் விளக்கு, தூரத்துக் கோயில் மணி எல்லாம் வாடகைச் சாமான்கள்.

## கையால் செய்து பழக ஒரு பயிற்சி

மகனை இழந்த ஒரு தாயைப் பற்றி நானே இரண்டு விதமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலாவது: ‘பெற்ற வயிறு பற்றி எரிந்தது. இனி அவளுக்கு யார் இருக்கிறார்கள்? விதியே, உனக்குக் கண்ணில்லையா? அவள் விட்ட கண்ணீரில் அந்த வீடே மூழ்கியது.’

இரண்டாவது: ‘ரேஷன் கடையில் இருந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, “பையன் பேரு இன்னும் எடுக்கலையாம்மா?” என்றார். “அடுத்த மாசம் எடுத்துடறேன்” என்றாள். நாலு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பங்கையும் சேர்த்து வாங்கி, தனிப் பையில் கட்டிக்கொண்டாள்.’

இரண்டாவது மேல் என்று சொல்லிவிடுவது சுலபம். பயிற்சி அதற்குப் பிறகுதான் ஆரம்பம். இரண்டாவதன் கடைசியில் ‘அந்தப் பையில் இருந்தது அரிசி அல்ல, ஒரு தாயின் நினைவுகள்’ என்று ஒரு வரி சேர்த்துப் படியுங்கள். எல்லாம் ஒரு நொடியில் கெட்டுப்போகிறதல்லவா? நீங்கள் படிக்கும் நாவலில் இப்படிப்பட்ட வால்களைத் தேடுங்கள். நல்ல காட்சிகளைக் கெடுப்பது பெரும்பாலும் கடைசி வரியின் விளக்கம்தான். மதிப்புரையில் ‘அத்தியாயங்கள் ஒரு வரி முன்னதாக முடிந்திருக்கலாம்’ என்று காட்டினால், வாசகருக்கும் பயன், எழுத்தாளருக்கும் பயன்.

எதிர்ப்பக்க ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். துயரப்பட்டவர்களைக் காட்டும்போது எழுதுபவர் இன்னும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று செகாவ் 1892இல் லிடியா அவிலோவாவுக்கு எழுதினார். நல்ல அறிவுரை. ஆனால் இன்று அந்தக் குளிர்ச்சியும் ஒரு ஃபார்முலா ஆகிவிட்டது. பிணத்துக்குப் பக்கத்தில் யாரோ தேநீர் குடிப்பார், ஈ உட்காரும், யாரும் எதுவும் பேச மாட்டார்கள். அடக்கி வாசிப்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது. நம்மூர் இழவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். அதை அப்படியே எழுதும் நாவலை மிகை என்று தள்ளினால் தவறு விமர்சகருடையது. பாத்திரம் கதறலாம், கதைசொல்லி கதறினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

## பின்னோக்கிப் புரட்டுங்கள்: ஜோவின் உயில்

புள்ளி வைத்த வரி உண்மையானதென்றால் அதற்கு முன்பக்கங்களில் வேர் இருக்கும். அந்த வேரைத் தேடிப் பின்னால் போவதுதான் மதிப்புரையாளரின் முக்கியமான வேலை. ஜோவை வைத்துச் செய்து காட்டுகிறேன்.

ஜோ லண்டனில் தெருமுனையைப் பெருக்கிக் காசு வாங்கும் பையன். எழுத்து தெரியாது. கடைப் பலகைகள் எல்லாம் அவனுக்கு வெறும் கோடுகள். போலீஸ்காரர் அவனிடம் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: நகரு, இங்கே நிற்காதே. அவனுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுபவர்களில் ஒருவர் ஸ்னாக்ஸ்பி. சட்டப் பத்திரங்களைப் படியெடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். எந்தத் துயரத்தைப் பார்த்தாலும் ஒரு அரை க்ரௌன் நாணயத்தை எடுத்துக் கொடுப்பது அவர் வழக்கம். ஜோவைக் கவனித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அவனிடமிருந்து நோய் தொற்றி, அவள் முகம் மாறிப்போயிருக்கிறது.

சாகக் கிடக்கும் ஜோ ஸ்னாக்ஸ்பியிடம் ஒன்று கேட்கிறான். தான் நகர முடிந்த மட்டும் நகர்ந்து முடித்த பிறகு, நோயைக் கொடுத்ததற்கு மனசார வருந்தினேன் என்று எழுதி வைக்க முடியுமா? எங்கிருந்து பார்த்தாலும் யாருக்கும் தெரியும்படி ரொம்பப் பெரிய எழுத்தில்.

இந்த ஒரு கேள்வியில் எத்தனை பழைய பக்கங்கள் வந்து சேர்கின்றன என்று பாருங்கள். போலீஸ்காரரின் ‘நகரு’ மரணத்துக்கான சொல்லாக மாறிவிட்டது. படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்தைப் பற்றித் தெரிந்தது அதன் அளவு மட்டும்தான், அதனால் பெரிதாகக் கேட்கிறான். கேட்கப்படுபவரோ எழுதிக் கொடுத்தே பிழைப்பவர். ஸ்னாக்ஸ்பி பதிலுக்கு என்ன செய்கிறார்? மேஜையில் அரை க்ரௌன் வைக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. நான்கு ஆகிறது. காசு செல்லாத இடத்தில் காசை வைத்துக்கொண்டே இருக்கும் மனிதரைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

அந்தச் சிரிப்பைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிரார்த்தனை தெரியுமா என்று மருத்துவர் உட்கோர்ட் கேட்கும்போது, சாட்பேண்ட் என்ற போதகர் ஒரு தடவை செய்ததைக் கேட்டிருக்கிறேன், ஆனால் அவர் தனக்குத் தானே பேசிக்கொண்ட மாதிரி இருந்தது என்கிறான் ஜோ. மிகையுணர்ச்சிக்குச் சிரிப்பு ஆகாது, உடனே கலைந்துவிடும். நெல்லின் படுக்கைக்குப் பக்கத்தில் சிரிக்க ஒரு இடம்கூட இல்லை. இங்கே சிரிப்பு நுழைந்தும் காட்சி நிற்கிறது.

தொல்காப்பியத்தின் நான்கையும் வைத்துப் பார்த்தால் ஜோவிடம் இழவும் வறுமையும் வெளிப்படையானவை. கண்ணீரைக் கொண்டுவருவது இளிவு. வாழ்நாள் முழுக்க விரட்டப்பட்டவன் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறான்!

குறையும் உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். உட்கோர்ட் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்கும் பிரார்த்தனையைத் திருப்பிச் சொல்லும்போது சரியான சொல்லில் ஜோவின் உயிர் பிரிகிறது. மேடை நாடகத்தின் நேரக்கணக்கு அது. உடனே கதைசொல்லி அரசியையும் பிரபுக்களையும் மதகுருமார்களையும் விளித்து, இப்படித்தான் நம்மைச் சுற்றித் தினமும் சாகிறார்கள் என்று முழங்குகிறார். மெலோடிராமாதான். ஆனால் அது நம்மை அழுது ஆறவிடுவதில்லை, குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. நான் இதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஜோவின் கேள்வியோடு அத்தியாயம் முடிந்திருக்க வேண்டும் என்று வாதிடுபவரோடு சண்டைக்கும் போக மாட்டேன்.

## எழுத்தாளரின் சொந்தத் துயரத்தை எடைக்கல்லாக வைக்காதீர்கள்

டிக்கன்ஸின் மனைவியின் தங்கை மேரி ஹோகார்த் 1837இல் பதினேழு வயதில் இறந்தாள். அவர் உடைந்துபோனார். நெல்லின் மரணத்தை எழுதும்போது அந்தப் புண் திறந்துகொண்டது. துயரம் உண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் பறவைக் கூண்டு பறவைக் கூண்டுதான். நூலாசிரியர் முன்னுரையில் ‘இது என் அம்மாவின் கதை’ என்று எழுதியிருந்தால் புதிய மதிப்புரையாளர்களின் பேனா நடுங்கும். அம்மாவுக்கு அனுதாபம் சொல்லலாம். மதிப்பிட வேண்டியது பக்கத்தை.

## இனி எழுதுங்கள்

‘மனதை உருக்குகிறது’, ‘கண்கள் குளமாகின’, ‘கனத்த மனதோடு மூடினேன்’ ஆகிய மூன்றையும் எழுதுவதில்லை என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அவை உங்களைப் பற்றிய செய்திகள், நாவலைப் பற்றியவை அல்ல. அழுத வாசகரைக் கிண்டலும் செய்யாதீர்கள். நெல்லுக்காக அழுதவர்களைப் பிற்காலத்தவர் கேலி செய்து தீர்த்தார்கள். செருப்பைக் கவனித்தவர் அந்தக் கேலிக்காரர்களில் எத்தனை பேரோ.

ஆயிரம் சொல் மதிப்புரையென்றால் ஒரே ஒரு புள்ளிக்கு முந்நூறு சொல் கொடுங்கள், அதன் வேரோடு. மிகையான இடம் ஒன்றைப் பக்கம் குறிப்பிட்டுக் காட்டுங்கள். முடிவைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. யார் இறக்கிறார் என்று சொல்லாமலே செருப்பைப் பற்றி எழுத முடியும். நெல்லின் நாவலுக்கு நான் எழுதியிருந்தால் இப்படித் தொடங்கியிருப்பேன்:

‘71ஆம் அத்தியாயத்தில் இரண்டு எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் படுக்கைக்கு அருகே நின்று சொன்னதையே சொல்லி நம்மை அழச் சொல்கிறார். இன்னொருவர் ஒரு கிழவன் கையில் ஒரு ஜோடிச் செருப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அந்தக் கிழவன் இதற்கு முன் என்ன செய்தான் என்பதை 30ஆம் அத்தியாயத்தில் படித்தவர்கள் முதலாமவரை மன்னித்துவிடலாம்.’